பிரசங்க மேடையிலிருந்து கேமராவுக்கு: பங்குச் சாமியாரை இயல்பாகப் பேச வைப்பது எப்படி?

ஞாயிறு திருப்பலியில் தாள் எதுவும் இல்லாமல் இருபது நிமிடம் சரளமாக மறையுரை வைக்கிற சாமியார்தான். பங்கின் யூடியூப் சேனலுக்காக நாலு நிமிடச் சிந்தனை ஒன்று பேசச் சொல்லி, போனை ஸ்டாண்டில் மாட்டியதும் விறைத்துப்போகிறார். குரல் உயர்கிறது, கண் எங்கோ சுவரைப் பார்க்கிறது, "கிறிஸ்து இயேசுவில் அன்பார்ந்த சகோதர சகோதரிகளே" என்று தொடங்கியவர் அப்புறம் எங்கே போவதென்று தெரியாமல் நிற்கிறார். உங்கள் ஊரில் அவரை ஃபாதர் என்பீர்களோ, ஐயா என்பீர்களோ, பாஸ்டர் என்பீர்களோ, கதை ஒன்றுதான்.

இதை வெறும் கூச்சம் என்று நினைத்தால் "பயப்படாதீங்க சாமி" என்று சொல்வதைத் தவிர உங்களால் வேறு ஒன்றும் செய்ய முடியாது. உண்மையில் அவர் பல வருடமாகப் பழகிய ஒரு வேலையைத் தவறான இடத்தில் சரியாகச் செய்துகொண்டிருக்கிறார். கோயில் உயரமானது, எதிரொலி உள்ளது. ஒரு வாக்கியத்தின் ஒலி அடங்கிய பிறகுதான் அடுத்ததைத் தொடங்க வேண்டும். கடைசி பெஞ்சு வரை போக வேண்டும் என்பதால் சொல்லின் வால் பகுதியை ஏற்றிச் சொல்ல வேண்டும். "ஆண்டவர் அழைக்கிறார். எப்படி அழைக்கிறார்? பெயர் சொல்லி அழைக்கிறார்" என்று தானே கேட்டுத் தானே பதில் சொல்வதும் கூட்டத்தை இழுத்துப் பிடிப்பதற்காக வந்த பழக்கம்தான். கேமராவில் கேட்பவரோ ஒற்றை ஆள். காதில் இயர்போன் மாட்டிக்கொண்டு, ஒரு கை தூரத்தில் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். அங்கே இதெல்லாம் கத்தலாகவும் நடிப்பாகவும் தெரியும்.

ஆகவே அவருக்குப் புதிதாகப் பேசக் கற்றுத்தர வேண்டியதில்லை. அவரிடம் ஏற்கெனவே இரண்டாவது குரல் ஒன்று இருக்கிறது. வீடு சந்திக்க வரும்போது திண்ணையில் உட்கார்ந்து பேசுவாரே, அந்தக் குரல். அதைக் கேமரா முன் கொண்டுவந்துவிட்டால் போதும்.

முதலில் வாய், அப்புறம் தாள்

பொதுவாக நடப்பது என்ன? சாமியார் மறையுரையை எழுதித் தருகிறார், நாம் அதைப் பெரிய எழுத்தில் ஓடவிடுகிறோம், அவர் வாசிக்கிறார். வந்து நிற்பது ஆயரின் சுற்றுமடலை வாசிக்கிற குரல். எழுதும்போது நம் கை எழுத்துத் தமிழுக்குப் போய்விடுகிறது. அதைப் பேச்சுத் தமிழாக வாய்க்குள்ளேயே மாற்றிக்கொண்டு வாசிப்பது தேர்ந்த நடிகர்களுக்கே சிரமம்.

வரிசையைத் திருப்பிப் போடுங்கள். படப்பிடிப்புக்கு இரண்டு நாள் முன்னால், கேமரா இல்லாமல், பங்களாவில் டீ குடிக்கிற நேரத்தில் போனில் ஒலிப்பதிவை மட்டும் போட்டுவிட்டுக் கேளுங்கள்: "சாமி, இந்த வாரம் எதைப் பத்திச் சொல்லப்போறீங்க? எனக்குச் சொல்லுங்களேன்." பதிவு ஓடுகிறது என்பதை அவரிடம் சொல்லிவிட வேண்டும். ஒளித்துவைத்துப் பதிவு செய்தால் அடுத்த முறை உங்களைக் கண்டாலே எச்சரிக்கையாகிவிடுவார். நடுவில் உண்மையாகவே உங்களுக்கு வருகிற சந்தேகத்தைக் கேளுங்கள். அவர் உங்களுக்குப் பதில் சொல்லும் அந்த இடங்களில்தான் நல்ல வாக்கியங்கள் கிடைக்கும்.

ஒரு எடுத்துக்காட்டை முழுதாகப் பார்ப்போம். பகுதி லூக்கா 19:1-10, சக்கேயு. சாமியார் எழுதியிருப்பது இப்படி இருக்கும்:

"எரிகோ நகரில் வரிதண்டுவோருக்குத் தலைவராக விளங்கிய சக்கேயு, இயேசுவைக் காண வேண்டும் என்னும் பேராவலால் உந்தப்பட்டு, தம் சமூகத் தகுதியையும் பொருட்படுத்தாது காட்டு அத்தி மரத்தின்மேல் ஏறினார் என்பதை நாம் இங்கு ஆழ்ந்து சிந்திக்க வேண்டும்."

டீ நேரத்தில் அதே விஷயம் அவர் வாயிலிருந்து வருவது இப்படி:

"சக்கேயு பெரிய பணக்காரர். வரி வசூல் பண்றவங்களுக்கே தலைவர். அவர் போய் மரத்துல ஏறுறார். நம்ம ஊர்ல ஒரு பெரிய அதிகாரி, சப்பரம் பார்க்கணும்னு வேப்பமரத்துல ஏறினா எப்படி இருக்கும்? சனம் சிரிக்காதா? சிரிக்கட்டும்னு ஏறினார் பாருங்க."

இரண்டாவதுதான் உங்கள் மூலப்பிரதி. அதைக் கேட்டு அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். திரும்பத் திரும்பச் சொன்னதை மட்டும் எடுத்துவிட்டு, வாக்கியங்களைத் திருத்தாமல் விடுங்கள்.

இங்கே ஒரு தயக்கம் வரும். "இப்படிப் பேசினா மரியாதையா இருக்காதே தம்பி" என்பார். அவர் சொல்வதிலும் நியாயம் உண்டு. வலிந்து கொச்சையாகப் பேச வைத்தால் அதுவும் நடிப்புத்தான். அவர் மூத்த பங்குமக்களிடம் எந்தத் தமிழில் பேசுவாரோ அந்தத் தமிழ் போதும். "வருகிறார்" என்று இயல்பாகவே சொல்பவரை "வர்றார்" என்று மாற்றாதீர்கள். விவிலிய வசனங்களைத் தொடவே வேண்டாம். அவை நூலில் உள்ளபடியே வரட்டும். பேச்சுத் தமிழுக்கு நடுவில் வசனம் தன் செந்தமிழில் நிற்கும்போது அதற்குத் தனி எடுப்பு வந்துவிடுகிறது.

குறிப்பா, டெலிபிராம்ப்டரா?

சிந்தனை, சாட்சியம், ஆறுதல், கதை எல்லாவற்றுக்கும் குறிப்புகள்தான் நல்லது என்பது என் கட்சி. திருவிழா நிகழ்ச்சி நிரல், நேரங்கள், நன்கொடை அளித்தவர்களின் பெயர்கள், ஆயரின் அறிக்கை, ஒரு சொல் பிசகினாலும் வம்பாகிவிடும் விஷயம் ஆகியவற்றுக்கு, லென்சுக்கு முன்னால் எழுத்தை ஓடவிடுகிற டெலிபிராம்ப்டர். அவர் ஏற்கெனவே தாளில்லாமல் பேசப் பழகியவர் என்றால் பிராம்ப்டர் அவரைக் கெடுக்கவும் கூடும். சொந்தமாகச் சொல்லத் தெரிந்த ஆள், எதிரே எழுத்து ஓடுவதைக் கண்டால் அதற்கு அடிமையாகிவிடுவார்.

அமெரிக்காவில் ஆயர் ஃபுல்டன் ஷீன் 1952-இல் டுமாண்ட் தொலைக்காட்சியில் வாராந்தர நிகழ்ச்சி தொடங்கியபோது கையில் தாளும் இல்லை, பிராம்ப்டரும் இல்லை. ஒரு கரும்பலகை இருந்தது. பேசப் பேச அதில் சில சொற்களை எழுதுவார். பார்ப்பவருக்கு அது விளக்கப் படம். பேசுபவருக்கோ, தான் எங்கே நிற்கிறோம் என்பதைக் காட்டும் குறிப்பு. மறைக்கல்வி வகுப்பு எடுத்துப் பழகிய சாமியாராக இருந்தால் நீங்களும் ஒரு பலகையைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். கைகளுக்கும் ஒரு வேலை கிடைக்கும்.

குறிப்பு அட்டை தயாரிப்பது

நாலு நிமிடப் பேச்சுக்கு ஐந்து குறிப்புகள் போதும். ஒவ்வொன்றும் இரண்டு மூன்று சொல். அது வாக்கியமாக இருக்கக் கூடாது. வாக்கியம் இருந்தால் கண் வாசிக்கத் தொடங்கிவிடும். கருத்துச் சொல்லாகவும் இருக்கக் கூடாது. "இறை இரக்கம்" என்று எழுதினால் அவர் எங்கே தொடங்குவது என்று யோசிப்பார். "மரத்துல அதிகாரி" என்று எழுதினால் காட்சி கண்முன் வந்து பேச்சு தானாகத் தொடங்கும். சக்கேயுவுக்கு நான் எழுதுவது இது:

மரத்துல அதிகாரி
இயேசு நின்னார் – பெயர் சொன்னார்
"உன் வீட்டுக்கு வர்றேன்"
சனம் முணுமுணுப்பு
பாதி ஏழைக்கு – நாலு மடங்கு திருப்பி (லூக் 19:8)

கடைசி வரியில் எண்ணையும் வசன எண்ணையும் முழுதாக எழுதியிருப்பதைக் கவனியுங்கள். பெயர், எண், தேதி இவற்றை நினைவில் வைக்கச் சொல்லாதீர்கள். மனசு அதையே பிடித்துக்கொண்டு முகம் இறுகிவிடும்.

தொடக்க வாக்கியம் ஒன்றும் முடிவு வாக்கியம் ஒன்றும் மட்டும் மனப்பாடமாக இருக்கட்டும். தொடக்கத்தில் நீண்ட விளிப்பு வேண்டாம். "ஒரு பணக்காரர் மரத்துல ஏறின கதை இது" என்று நேராக இறங்கலாம். முடிவு வாக்கியம் தெரியாதவர்கள்தான் "ஆகவே அன்பானவர்களே" என்று மூன்று முறை முடித்து மூன்று முறையும் மீண்டும் தொடங்குவார்கள்.

இந்தக் குறிப்புகளை ஒரு சார்ட் தாளில் தடித்த மார்க்கரால், ஓர் எழுத்து நாலைந்து சென்டிமீட்டர் உயரம் வரும்படி எழுதுங்கள். லென்சுக்கு நேர் கீழே, அதை ஒட்டியபடி மாட்டுங்கள். பக்கவாட்டில் மாட்டினால் கண் ஒதுங்குவது திருட்டுப் பார்வையாகத் தெரியும். கீழே பார்ப்பது யோசிக்கிற பார்வைதான், யாருக்கும் உறுத்தாது.

இனி இந்த முறையின் உயிரான ஒன்று. கீழே பார்க்கும்போது பேசக் கூடாது. ஒரு குறிப்பு முடிந்ததும் வாயை மூடி, கண்ணைத் தாழ்த்தி அடுத்ததைப் பார்த்து, மூச்சு எடுத்து, நிமிர்ந்து லென்சைப் பார்த்த பிறகே பேச வேண்டும். மூன்று விநாடி மௌனம் அவருக்கு மூன்று நிமிடமாகத் தோன்றும். "அது எடிட்டிங்ல போயிடும் சாமி, நிதானமாப் பாருங்க" என்று சொல்லி வையுங்கள். அந்த மௌனம்தான் உங்களுக்கு வெட்டும் இடமும்கூட. ஒவ்வொரு குறிப்பும் தனித் துண்டாகக் கிடைத்துவிடுவதால், மூன்றாவது குறிப்பில் தடுமாறினால் அதை மட்டும் திரும்ப எடுத்தால் போதும்.

பிராம்ப்டர் வைத்தே ஆக வேண்டும் என்றால்

45 டிகிரி சாய்வில் ஒரு கண்ணாடி, அதற்குக் கீழே மல்லாக்க வைத்த டேப்லட், கண்ணாடிக்குப் பின்னால் கறுப்புத் துணி போர்த்திய கேமரா. டேப்லட்டில் எழுத்து இடவலமாகத் திரும்பி ஓட வேண்டும். செயலியில் மிரர் என்றொரு வசதி இருக்கும். இந்தக் கண்ணாடிகளில் பெரும்பாலானவை கேமராவுக்குச் சுமார் 70 சதவீத ஒளியைத்தான் விடும் என்பதால் விளக்கு சற்றுக் கூடுதலாக வேண்டும்.

தமிழுக்கென்று இரண்டு தொல்லைகள் உண்டு. ஒன்று, சாமியார் தருகிற கோப்பு பாமினி போன்ற பழைய எழுத்துருவில் இருந்தால் செயலியில் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். முதல் நாளே யூனிகோடுக்கு மாற்றிச் சரிபார்த்துவிடுங்கள். இன்னொன்று, நம் சொற்கள் நீளம். "பொருட்படுத்தாமலிருந்தவர்களுக்கு" என்ற ஒரே சொல் ஒரு வரியை அடைத்துவிடும். வரியைச் செயலி தன் இஷ்டத்துக்கு மடக்க விடாமல், பொருள் முடியும் இடத்தில் நீங்களே மடக்குங்கள்:

சக்கேயு பெரிய பணக்காரர்.
வரி வசூல் பண்றவங்களுக்கே
தலைவர்.

அவர் போய்
மரத்துல ஏறுறார்.

வரிக்கு இரண்டு மூன்று சொல். மூச்சு எடுக்கும் இடத்தில் ஒரு வெற்று வரி. இப்படி மடக்கினால் பத்தி குறுகலாக இருக்கும், கண் இடவலமாக ஓடாது. தூரமும் இதில் முக்கியம். கேமரா ஒரு மீட்டரில் இருந்தால் கண்மணி அலைவது அப்பட்டமாகத் தெரியும். இரண்டரை மீட்டர் தள்ளி வைத்து ஜூம் செய்து எடுத்தால் அதே வரி சிறு கோணத்தில் அடங்கிவிடுகிறது. அந்தத் தூரத்தில் அவரால் வாசிக்க முடிகிறதா என்று முதலில் பாருங்கள். முடியாவிட்டால் எழுத்தைப் பெரிதாக்குங்கள், கேமராவை முன்னால் இழுக்காதீர்கள். இருபார்வைக் கண்ணாடி அணிபவர் கீழ்ப்பகுதி வழியாக வாசிக்கப் பார்த்து மோவாயைத் தூக்குவார். இந்தத் தூரத்துக்கு மேல்பகுதிதான் என்பதை நினைவூட்டினாலே தலை நேராகிவிடும்.

வேகத்தைத் தானியங்கியில் விடவே விடாதீர்கள். எழுத்து ஒரே வேகத்தில் ஓடினால் மனிதர் அதைத் துரத்துவார். குரல் சமமாகி, வாசிப்பு என்பது காட்டிக்கொடுக்கப்பட்டுவிடும். புளூடூத் மவுஸ் ஒன்றை இணைத்து, அவர் பேச்சைக் கேட்டு ஒருவர் கையால் நகர்த்த வேண்டும். அவர் நின்றால் எழுத்தும் நிற்க வேண்டும். இதை அவர் நம்புவதற்கு ஒரு சோதனை உண்டு: ஒத்திகையில் நடுவே வேண்டுமென்றே நிறுத்தி ஒரு மடக்குத் தண்ணீர் குடிக்கச் சொல்லுங்கள். திரும்பிப் பார்க்கும்போது எழுத்து அதே இடத்தில் காத்திருந்தால் தோள் இறங்கிவிடும். நகர்த்துபவர் பங்கின் வாசகர் குழுவில் உள்ளவராக இருந்தால் நல்லது. வாக்கியத்தின் ஓட்டம் அவருக்குத் தெரியும்.

இரண்டுக்கும் நடுவே ஒரு வழியும் உண்டு. பிராம்ப்டரில் முழு உரையைப் போடாமல் அதே ஐந்து குறிப்புகளைப் பெரிதாகப் போட்டு, பெயரும் நேரமும் உள்ள பகுதியை மட்டும் முழுதாக எழுதுவது. சில மாதம் பழகியவர்களுக்கு இதுவே போதுமானதாகிவிடும். வசனத்தைப் பிராம்ப்டரில் வாசிக்க வைக்காதீர்கள். மடியில் திருவிவிலியம் இருக்கட்டும், திறந்து பார்த்து வாசிக்கட்டும். குருவானவர் நூலைப் பார்த்து வாசிப்பதை விட இயல்பான காட்சி வேறென்ன இருக்கிறது?

எடுக்கிற அன்று

ஞாயிறு கடைசித் திருப்பலி முடிந்த கையோடு எடுக்காதீர்கள். தொண்டை களைத்திருக்கும், மேடைக் குரலும் இன்னும் இறங்கியிருக்காது. வார நாள் காலை, வெயில் ஏறும் முன் எடுப்பது நல்லது. ஃபேனை நிறுத்தினாலும் வேர்க்காது. அறையில் உங்கள் இருவரோடு இன்னும் ஒருவர் போதும். பங்குப் பேரவை முழுவதும் வந்து நின்றால் அவர் பேரவைக்குத்தான் பேசுவார்.

வெள்ளை அங்கியைக் கண்டு கேமரா ஒளியைக் குறைத்து முகத்தை இருட்டாக்கும். திரையில் முகத்தின் மேல் விரலை அழுத்திப் பிடித்தால் பெரும்பாலான போன்களில் ஒளியும் ஃபோகசும் அதற்கே பூட்டிக்கொள்ளும். காலர் மைக்கை மோவாய்க்கு ஒரு சாண் கீழே, பொத்தான் பட்டியில் மாட்டுங்கள். கழுத்துச் சிலுவை அதில் இடிக்கிறதா என்று இயர்போனில் கேட்டுப் பார்க்க வேண்டும். மனிதக் காதுக்குத் தெரியாத அந்த "டக் டக்" பதிவில் பெரிதாக இருக்கும். போனின் பின்பக்கக் கேமராவிலேயே எடுங்கள். திரை தன்னைப் பார்த்தபடி இருந்தால் அவர் லென்சை விட்டுத் தன் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்.

லென்சைப் பார்க்கப் பழக்க எளிய வழி, பதிவைத் தொடங்கிவிட்டு நீங்கள் கேமராவுக்குப் பின்னால், உங்கள் கண் லென்சுக்குச் சற்று மேலே தெரியும்படி உட்காருவதுதான். "சாமி, சக்கேயு ஏன் மரத்துல ஏறினார்?" என்று கேளுங்கள். அவர் உங்களுக்குப் பதில் சொல்லட்டும். தலையாட்டுங்கள், சிரிக்க வேண்டிய இடத்தில் சத்தமில்லாமல் சிரியுங்கள். ஒருமுறை இப்படிப் பேசி முடித்ததும், "இப்போ அதையே இந்த வட்டத்தைப் பார்த்துச் சொல்லுங்க சாமி, நான் இங்கேயேதான் இருக்கேன்" என்று கேளுங்கள். குரல் மாறாமல் பார்வை மட்டும் சில அங்குலம் இறங்கும். "ரெடி, ஆக்‌ஷன்" எல்லாம் வேண்டாம். முதல் பேச்சும் பதிவாகிக்கொண்டுதான் இருக்கிறது என்பதை முன்பே சொல்லிவிடுங்கள். பல நேரம் அதிலிருந்தும் ஒரு துண்டு உதவும்.

திருத்தம் சொல்வதுதான் இளைஞர்களுக்குச் சங்கடமான வேலை. வயதில் மூத்தவர், குருவானவர். "சாமி, செயற்கையா இருக்கு" என்று சொல்லவும் முடியாது, சொன்னாலும் பலனில்லை. எப்படி இருந்தது என்பதை விட்டுவிட்டு, என்ன செய்ய வேண்டும் என்று மட்டும் சொல்லுங்கள். "அந்த முணுமுணுப்புப் பகுதியை, பக்கத்துல உட்கார்ந்திருக்கிற ஆள்கிட்ட சொல்ற மாதிரி ஒருதடவை" என்றால் அவரால் செய்ய முடியும். ஒரு தடவைக்கு ஒரு திருத்தம். சத்தத்தைக் குறைக்கச் சொல்லிவிட்டு, கையையும் கவனிக்கச் சொன்னால் இரண்டும் போய்விடும். நடுவில் பதிவைப் போட்டுக் காட்டவும் வேண்டாம். தன் நரையையும் தொப்பையையும் பார்த்த பிறகு யாருக்கும் சக்கேயு நினைவில் நிற்பதில்லை.

எப்போது நிறுத்துவது? ஒரே பகுதியை மூன்று தடவைக்கு மேல் எடுத்தால் பெரும்பாலும் சொற்கள் உறைந்துவிடும். அவர் தன் முந்தைய வாக்கியத்தையே நினைவுபடுத்திச் சொல்லத் தொடங்குவார். அது கண்ணில் தெரியும், பார்வை லென்சில் இருந்தாலும் உள்ளே தேடுவது போல் இருக்கும். அப்போது அந்தப் பகுதியை விட்டு அடுத்த குறிப்புக்குப் போங்கள். கடைசியில் நேரம் இருந்தால் திரும்பி வாருங்கள், அல்லது அதை வெட்டியே விடுங்கள். ஐந்தில் நாலு குறிப்பு நன்றாக வந்தாலே மூன்று நிமிடக் காணொளி ஆகிவிடும்.

வெட்டி ஒட்டும்போது துண்டுக்குத் துண்டு தலை துள்ளும். அதை மறைக்க, 4கே தரத்தில் எடுத்துவைத்து, ஒரு துண்டை மார்பளவிலும் அடுத்ததைச் சற்று நெருக்கமாகவும் வைத்தால் இரண்டு கேமராவில் எடுத்தது போல அமையும். தடுமாற்றம் எல்லாவற்றையும் துடைத்தெடுக்க வேண்டாம். ஒரு சொல்லைத் தேடி நின்று, கண்டுபிடித்துச் சொல்கிற இடம் இருந்தால் அதை அப்படியே விடுங்கள். வெளியிடும் முன் சாமியாருக்கு அனுப்புங்கள், ஆனால் "எப்படி இருக்கு?" என்று கேட்காமல், "வசனம், பெயர் ஏதாவது தப்பா இருக்கா சாமி?" என்று மட்டும் கேளுங்கள். முதல் கேள்விக்கு "இன்னொரு தடவை எடுப்போமா?" என்றுதான் பதில் வரும்.